புதிய பொருள் அறிமுகத்தின் படிநிலைகள்

புதிய பொருள் அறிமுகத் திட்டம் என்பது, ஒரு பொருளைப் பற்றிய முதல் அறிவிப்பு தொடங்கி, விற்பனைக்கு வந்த முதல் மாத முடிவில் அதன் நிலையை ஆராய்வது வரையான வேலைகளை வரிசைப்படுத்தும் கால அட்டவணை ஆகும். முன்னோட்டம், விற்பனைத் தொடக்கம், முதல் மாத மீளாய்வு என இதை மூன்று படிநிலைகளாகப் பிரிக்கலாம். 2007 ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐபோனை அறிமுகப்படுத்திய விதம் இவற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

முன்னோட்டம்

ஐபோன் சனவரி 9 அன்று அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் இருந்தன. பொதுவாக இவ்வளவு முன்கூட்டியே அறிவித்தால், வாடிக்கையாளர்கள் புதியதற்காகக் காத்திருப்பார்கள். நிறுவனத்தின் பழைய பொருள் கடைகளில் தேங்கிவிடும். ஆப்பிள் அதுவரை தன் பெயரில் கைப்பேசி விற்காததால் அந்த இழப்பு ஏற்படவில்லை.

பிப்ரவரி 25 அன்று, ஆஸ்கார் விழா ஒளிபரப்பின்போது முன்னோட்ட விளம்பரம் வந்தது. அதில் சூன் மாதம் என்று மட்டுமே சொல்லப்பட்டது. சூன் 29 என்ற நாள், சூன் மாதத் தொடக்கத்து விளம்பரங்களில்தான் வெளிவந்தது. முன்னோட்டத்தில் மாதத்தை மட்டும் சொல்லி, சரக்கு உறுதியான பின் நாளைச் சொல்வது பாதுகாப்பான முறை. அறிவித்த நாள் தவறினால், காத்திருந்தவர்களின் நம்பிக்கை குறையும்.

விற்பனைத் தொடக்கம்

சூன் 29 மாலை 6 மணிக்கு விற்பனை தொடங்கியது. வாங்கியவர்கள் தங்கள் கணினியில் ஐடியூன்ஸ் மென்பொருள் வழியாக இணைப்பைச் செயற்படுத்த வேண்டியிருந்தது. முதல் வார இறுதியில் பலருக்கு இதில் தாமதம் ஏற்பட்டது. எனவே கடை விற்பனையோடு, வாங்கிய பின் நடக்கும் வேலைகளையும் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது அவசியம்.

முதல் மாத மீளாய்வு

சூலை 24 அன்று, தொலைபேசிச் சேவை வழங்கிய ஏடி அண்டு டி நிறுவனம், சூன் மாதத்தின் கடைசி இரு நாள்களில் 1,46,000 ஐபோன்கள் செயற்படுத்தப்பட்டதாகக் கூறியது. ஆப்பிளின் பங்கு விலை சரிந்தது. மறுநாள் ஆப்பிள், அதே இரு நாள்களில் 2,70,000 ஐபோன்கள் விற்றதாக அறிவித்தது. ஒன்று விற்பனைக் கணக்கு, மற்றொன்று பயன்பாட்டுக் கணக்கு, இரண்டுமே சரியானவை. மீளாய்வில் கடைகளுக்கு அனுப்பியவை, விற்றவை, பயன்பாட்டுக்கு வந்தவை, திரும்பி வந்தவை ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். விற்றவற்றுக்கும் பயன்பாட்டுக்கு வந்தவற்றுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், குறை விளம்பரத்தில் இல்லை. வாங்கிய பிந்தைய கட்டத்தில் அதைத் தேட வேண்டும்.

முதல் மாத விற்பனையில் பெரும்பங்கு, ஏற்கெனவே காத்திருந்தவர்களுடையது. அதனால் மாத மொத்தத்தை மட்டும் பார்க்காமல் வாரவாரியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. நான்காம் வாரத்து விற்பனையே அடுத்து வரும் மாதங்களை ஓரளவு காட்டும்.

விலை மாற்றம்

செப்டம்பர் 5 அன்று, 599 டாலர் ஐபோனின் விலை 399 டாலராகக் குறைக்கப்பட்டது. ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் மேலும் பலரைச் சென்றடைவது இதன் நோக்கம். முன்னரே வாங்கியவர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்ததால், மறுநாளே அவர்களுக்கு ஆப்பிள் கடைகளில் பயன்படுத்தத்தக்க 100 டாலர் வரவு அறிவிக்கப்பட்டது. மீளாய்வுக்குப் பின் விலையைக் குறைக்க நேர்ந்தால், முதலில் வாங்கியவர்களுக்கு என்ன தருவது என்பதையும் விலைக் குறைப்போடு சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.