கடையில் எத்தனை நாள் நம் முகம்?

முன்னாளில் ஸ்டூடியோவிற் சென்று படம் பிடித்துக்கொண்டால், பிரதியை இட்டுத் தரும் உறையின்மீது ஓர் இலக்கம் எழுதித் தருவது வழக்கம். ஆண்டுகள் சில கழிந்த பின்னரும் அவ்விலக்கத்தைக் கூறினால், நெகட்டிவைத் தேடியெடுத்து மறுபிரதி போட்டுத் தருவார்கள். நெகட்டிவைப் பத்திரமாகப் பேணுவதே நல்ல ஸ்டூடியோவுக்கு அடையாளமாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. புடைவையை உடுத்திப் பார்க்காமலே, மூக்குக்கண்ணாடியை அணிந்து பார்க்காமலே, தம் முகம் அதில் எவ்வாறு தோன்றும் என்பதைத் திரையிற் காணும் வசதி வந்துவிட்டது. வாடிக்கையாளர் தம் செல்ஃபியை அனுப்புகிறார். கணினி அதன்மீது பொருளைப் பொருத்திக் காட்டுகிறது. பார்த்து முடிந்த பின் அந்தச் செல்ஃபியை மறுபடி கேட்பார் எவருமிலர். ஆகவே இங்கே பேணுவது சிறப்பன்று. காலத்தில் அழிப்பதே சிறப்பு. எத்தனை நாளில் அழிப்பது என்பதே கேள்வி.

வெள்ளவத்தையிற் காலி வீதியோரமாக ஒரு சிறிய புடைவைக் கடை இவ்வசதியைத் தன் இணையத்தளத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு பெண் மாலையிற் செல்ஃபியை ஏற்றி நான்கு புடைவைகளைப் பார்க்கிறாள். இரவு தாயாருக்குக் காட்டி யோசனை கேட்கிறாள். மறுநாட் காலை முடிவு செய்கிறாள். இதற்கு 24 மணி நேரம் தாராளமாகப் போதும். அவள் புடைவையை வாங்கிவிட்டாலோ, கடையின் கணக்குக்கு வேண்டியவை புடைவையின் இலக்கமும் நிறமும் விலையுமே, முகம் அன்று. “திரையிற் கண்ட நிறம் வேறு” என்று மாற்றக் கேட்கக்கூடும் என அஞ்சினால், அவள் சம்மதத்துடன், பொருத்திக் காட்டிய படத்தை மாத்திரம் மாற்றுத் தவணை முடியும் வரை, அதாவது 7 நாள் என்றால் 7 நாள், வைத்திருக்கலாம். மூலச் செல்ஃபிக்கு அந்தத் தேவையும் இல்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வழியையே காட்டுகிறது. எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ, அந்நோக்கத்துக்கு வேண்டிய காலமளவே அதனை வைத்திருக்கலாம் என்பது அதன் கொள்கை. சட்டம் செல்ஃபிக்கென நாட்கணக்குக் கூறவில்லை. நோக்கத்தைக் கொண்டு நாளைக் கணிக்க வேண்டியவர் கடைக்காரரே.

“24 மணி நேரத்தில் அழிக்கப்படும்” என்று கடைக்காரர் தளத்தில் எழுதிவிட்டார். அஃது உண்மையாகுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். செல்ஃபி ஒக்டோபர் 1ஆந் திகதி மாலை 5 மணிக்கு வந்தது. மறுநாள் மாலை 5 மணிக்குக் கணினி அதனைத் தானாக அழித்தது. ஆனால் இடையில், 2ஆந் திகதி அதிகாலை 2 மணிக்கு, கடையின் தரவுகள் யாவற்றுக்கும் வழக்கமான காப்புப் பிரதி எடுக்கப்பட்டது. ஒவ்வொரு காப்புப் பிரதியும் 30 நாள் வைக்கப்படுகிறது. ஆகவே அம்முகம் நவம்பர் 1ஆந் திகதி வரை கடையிலேயே இருந்தது. இடையிற் கணினி பழுதாகிக் காப்புப் பிரதியிலிருந்து தரவுகளை மீட்டால், அழித்த படம் மீண்டும் வந்து அமரும். ஒரு நாள் என்ற வாக்கு ஒரு மாதமாகிவிட்டது. கடைக்காரருக்கே அது தெரியாது.

இதற்குப் பரிகாரம் எளிது. செல்ஃபிகளைத் தனியொரு கோப்புறையில் இட்டு, அதனைக் காப்புப் பிரதியிற் சேராதபடி விலக்கிவிட வேண்டும். செல்ஃபி இழந்தால் நட்டம் யாது? வாடிக்கையாளர் இன்னொன்று எடுப்பார், அவ்வளவே. பொருத்திக் காட்டிய படமும், திரைக்கென ஆக்கிய சிறுபடமும் அதே கோப்புறையில் இருத்தல் வேண்டும். மூலத்தை அழித்துவிட்டுச் சிறுபடத்தை மறந்துவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

கொட்டாஞ்சேனையில் உள்ள இன்னொரு கடைக்கு இணையத்தளம் இல்லையென்று வைத்துக்கொள்வோம். படங்கள் வாட்ஸ்அப்பிற் கடைத் தொலைபேசிக்கு வருகின்றன. விற்பனையாளர் உரையாடலை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுகிறார். ஆனால் அப்படம் தொலைபேசியின் படத் தொகுப்பிலும் பதிந்திருக்கலாம். அங்கிருந்து கூகிள் போட்டோஸுக்கும் சென்றிருக்கலாம். அங்கே காப்பிடப்பட்ட படத்தை அழித்தால் அது 60 நாள் குப்பைக் கூடையிற் கிடக்கும். ஐபோனில் அழித்த படம் ஏறக்குறைய 30 நாள் தனிப் பகுதியில் இருக்கும். எனவே கடைத் தொலைபேசியிற் படங்கள் தாமாகப் பதியும் வசதியை முதலிலேயே நிறுத்துக. அழித்தபின் குப்பைக் கூடையையும் காலி செய்க. விற்பனையாளரின் சொந்தத் தொலைபேசிக்குப் படம் வருவதையோ அறவே விலக்குக.

மூன்றாவது இடம், பொருத்திக் காட்டும் மென்பொருளை வாடகைக்குத் தரும் நிறுவனம். படம் வாடிக்கையாளரின் தொலைபேசியை விட்டு நீங்காமலே வேலை செய்யும் மென்பொருள்களும் உண்டு, அவையே மேல். இல்லையேல் அந்நிறுவனத்திடம், படத்தை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், அதைக் கொண்டு உங்கள் கணினிக்குப் பயிற்சி அளிக்கிறீர்களா என்ற இரண்டையும் எழுத்திற் கேட்டுப் பெறவேண்டும். அமெரிக்காவில் எவர்ஆல்பம் என்ற நிறுவனம், கணக்கை முடித்துக்கொண்டவர்களின் படங்களை அழிப்பதாகக் கூறிவிட்டு அழியாது வைத்திருந்தது என்றும், சில படங்களை முகமறியும் கணினி முறைகளை உருவாக்கப் பயன்படுத்தியது என்றும் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2021இற் குற்றஞ் சாட்டியது. அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தபோது, படங்களை மாத்திரமன்றி, அவற்றைக் கொண்டு ஆக்கிய கணினி முறைகளையும் அழிக்குமாறு கட்டளை பிறந்தது. படம் ஒருமுறை பயிற்சிக்குள் புகுந்துவிட்டால், கோப்பை அழிப்பது மட்டும் போதாது என்பதற்கு இவ்வழக்குச் சான்று.

இனி, அழித்தல் என்பதே யாது? கணினியிற் கோப்பை அழித்தால், பெரும்பாலும் அட்டவணையில் அதன் பெயரே நீங்கும். உள்ளடக்கம் வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும் வரை கிடக்கும். பழைய சுழல்தட்டுகளில் அதன்மேல் வேறொன்றை எழுதி மறைக்கலாம். இக்காலத்து எஸ்எஸ்டி வகையிலோ, புதிய எழுத்து வேறிடத்திற் பதியக்கூடுமாதலால் அம்முறையை நம்புவதற்கில்லை. சேமிக்கும் தட்டு முழுவதையும் தொடக்கத்திலேயே மறைகுறியாக்கி வைத்தலே தக்க வழி. கணினியை விற்கும்போதோ திருத்தக் கொடுக்கும்போதோ அதன் திறவுகோல் பிறர் கைக்குச் செல்லாதிருந்தால், எஞ்சிய துணுக்குகளை எவராலும் வாசிக்க இயலாது. பழைய கணினியை விற்குமுன் அத்திறவுகோலையே அழித்துவிடலாம்.

இவையெல்லாம் நடைபெறுகின்றனவா என்றறிய, கடைக்காரர் தம் சொந்தச் செல்ஃபியையே ஏற்றிப் பார்க்கட்டும். படத்தின் இணைய முகவரியையும் நேரத்தையும் ஒரு துண்டிற் குறித்துவைத்து, மறுநாள் அதே வேளை கழிந்தபின் வேறொரு தொலைபேசியில் அம்முகவரியைத் திறக்க வேண்டும். படம் வந்தால் அழிக்கும் ஏற்பாடு பழுது. வராவிட்டால், அன்றைய காப்புப் பிரதியையும் திறந்து தேட வேண்டும். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் இதற்குப் போதும்.

படம் அனுப்பும் இளம்பெண்களும் மாணவரும் கடையிற் கேட்கவேண்டியது ஒன்றே: “கடைசிப் பிரதி எந்த நாளில் அழியும்?” முதற் பிரதி அழியும் நாளை எவரும் சொல்லிவிடுவர். கடைசிப் பிரதியின் நாளைத் தயங்காது சொல்லும் கடைக்கு நம் முகத்தை நம்பிக் கொடுக்கலாம்.