ஆழ்துளை மோட்டார்: எந்தத் தகட்டைப் படம் எடுக்க வேண்டும்?

ஆழ்துளைக் கிணற்றில் இறங்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டார் பழுதானால், கடைக்காரர் முதலில் கேட்பது 'என்ன மாடல்?' என்பதுதான். பலர் ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அது அந்தப் பெட்டியின் மாடல். 7.5 எச்.பி. பெட்டி, அதே திறனுள்ள வேறு பல பம்புகளுக்கும் பொருந்தும். கன்டென்சர், ரிலே போன்ற பெட்டியின் உதிரிபாகம் வாங்க மட்டும் அந்தப் படம் போதும்.

கிணற்றுக்குள் இருப்பது இரண்டு தனித்தனிப் பொருள்கள். மேலே பம்ப், கீழே மோட்டார். இரண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனித் தகடு இருக்கும். சில கம்பெனிகள் தகடு வைக்காமல் எவர்சில்வர் உடம்பிலேயே எழுத்துகளைப் பொறித்திருக்கும். காயில் எரிந்துபோனால் மோட்டார் தகடும், இம்பெல்லர் தேய்ந்து தண்ணீர் குறைந்தால் பம்ப் தகடும் தேவை.

ஓர் உதாரணம் பாருங்கள். 6 அங்குல போரில் 7.5 எச்.பி. பம்ப் ஓடுகிறது. இம்பெல்லர் மாற்ற வேண்டும். மோட்டார் தகட்டில் எச்.பி., வோல்ட், ஆம்பியர் இருக்கும். அதை வைத்து இம்பெல்லர் வாங்க முடியாது. ஒரே 7.5 எச்.பி.யில் குறைந்த ஸ்டேஜில் அதிகத் தண்ணீர் தரும் பம்பும் உண்டு. அதிக ஸ்டேஜில் குறைந்த தண்ணீரை அதிக உயரத்துக்கு ஏற்றும் பம்பும் உண்டு. இரண்டின் இம்பெல்லரும் வேறு. ஆகவே பம்ப் தகட்டில் மாடல், ஸ்டேஜ் எண்ணிக்கை, ஹெட், டிஸ்சார்ஜ் ஆகிய நான்கும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

தகட்டில் உள்ள எல்லா எண்ணும் மாடல் எண் அல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே உள்ள ஐ.எஸ். 8034 என்பது நீர்மூழ்கி பம்ப்செட்டுக்கான தர நிர்ணய எண். முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்குவது தயாரிப்பாளரின் உரிம எண். அந்தக் கம்பெனியின் பல மாடல்களிலும் அதே எண் இருக்கலாம். சீரியல் நம்பர் உங்கள் ஒரு பம்புக்கு மட்டும் உரியது. வாரன்டி கேட்க அது அவசியம். பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

புதுப் பம்பை இறக்கும் முன்பே இரண்டு தகடுகளையும் படம் எடுத்து வையுங்கள். இல்லையென்றால், பழுதுக்கு மேலே தூக்கும் நாளில் எடுக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள், உப்புத்தாள், கம்பி பிரஷ் போட்டால் பொறித்த எழுத்து அழிந்துவிடும். பிளாஷ் போடாமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

பழைய மோட்டாரோடு வேறு பம்ப் இணைத்திருந்தால், மோட்டாரின் எச்.பி. பம்ப் தகட்டில் கேட்கும் எச்.பி.யைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் காயில் மீண்டும் மீண்டும் எரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.