21 பக்கங்களும் காணாமல்போன 3 ஸ்லைடுகளும்

ஒரு பேரூராட்சியின் குடிநீர்த் திட்டத்தைப் பற்றிய பிரசன்டேஷன் ஒன்று பி.டி.எஃப். கோப்பாக உங்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 21 பக்கங்கள். மாலைக்குள் ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும் என்கிறார் மேலதிகாரி. புரட்டிக்கொண்டே போனால் கடைசிப் பக்கத்தில் ‘திட்டச் செலவு ரூ. 3.2 கோடி’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கடைசியில் வருவதுதான் முடிவு என்று எண்ணி அதையே சுருக்கத்தின் முதல் வரியாக எழுதுகிறீர்கள். அது தவறு. அந்தப் பக்கம் உண்மையில் 9ஆவது ஸ்லைடு. திட்டத்தின் முதல் மதிப்பீடு. புதிய குழாய்ப் பாதையைச் சேர்த்துத் திருத்திய 4.1 கோடி 13ஆவது ஸ்லைடில் இருக்கிறது. கலைந்த கோப்பில் அது ஐந்தாம் பக்கமாக முன்னால் போய்விட்டதால், ‘இது பழைய கணக்கு போலிருக்கிறது’ என்று அதைத் தாண்டி வந்திருப்பீர்கள்.

ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். வரிசை மட்டும்தான் பொய் சொல்லும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை. சுருக்கம் எழுத உட்காரும் முன் வரிசையைச் சரிபார்ப்பது தனி வேலை, முதலில் செய்ய வேண்டிய வேலை.

பக்கங்கள் எப்படிக் கலைகின்றன? மிகப் பரவலான காரணம் கோப்புப் பெயர்தான். யாரோ பி.டி.எஃப்.பைப் பக்கம் பக்கமாகப் படங்களாக்கி அனுப்புகிறார்கள்: page-1.png, page-2.png, இப்படி page-21.png வரை. பெறுகிறவர் ஒரு செயலியில் போட்டு மறுபடி ஒரே கோப்பாக்குகிறார். பெயர்களை எண்ணாகப் பார்க்காமல் அகராதிபோல் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் செயலியாக இருந்தால், 1க்கு அடுத்து 10 வரும், 11 வரும், 19 வரை போகும், அதன் பிறகுதான் 2. அடுத்து 20, 21. அதற்கும் பின்னால் 3 முதல் 9 வரை.

இந்த வரிசைக்கு ஓர் அடையாளம் உண்டு. தலைப்புப் பக்கத்தை அடுத்து உள்ளடக்கம் வராமல் நடுவிலிருந்து பேச்சு தொடங்கும். உள்ளடக்கப் பக்கம் 12ஆம் பக்கமாக நடுவில் கிடக்கும். கடைசி ஏழு பக்கங்கள் ஒழுங்காகத் தொடரும். இதைப் பார்த்தால் காரணம் பெயர் வரிசைதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வேறொரு வகையும் உண்டு: இருபக்கமும் அச்சான தாளை ஒருபக்க ஸ்கேனரில் போட்டால் 1, 3, 5 என்று ஒற்றைப்படைப் பக்கங்கள் முதலில் வந்து, பிறகு இரட்டைப்படைப் பக்கங்கள் தலைகீழாக வரும்.

இனி நம் கோப்புக்கு வருவோம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அச்சாகியிருக்கும் ஸ்லைடு எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். தலைப்புப் பக்கத்தில் பெரும்பாலும் எண் இருக்காது. அதை 1 என்று கொள்ளலாம். கிடைப்பது இது: 1, 10, 11, 12, 13, 14, 15, 19, 20, 21, 22, 2, 23, 24, 3, 4, 5, 6, 7, 8, 9. இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் தெரிகின்றன. வரிசை கலைந்திருக்கிறது. 16, 17, 18 எங்குமே இல்லை.

வரிசையைத் திருத்துவது எளிது. qpdf என்ற இலவசக் கருவி கணினியில் இருந்தால் ஒரே கட்டளை போதும். கோப்பில் பக்கம் இப்போது இருக்கும் இடத்தை, வர வேண்டிய வரிசையில் கொடுக்க வேண்டும்.

```
qpdf kalaintha.pdf --pages . 1,12,15-21,2-11,13-14 -- sari.pdf
```

கருவி இல்லாதவர்கள் அச்செடுத்துக் கையால் அடுக்கினாலும் பலன் ஒன்றுதான்.

காணாமல்போன மூன்றுதான் கடினம். முதலில் உள்ளடக்க ஸ்லைடைப் பார்க்க வேண்டும். அதில் ஐந்து பகுதிகள்: தற்போதைய நிலை, நீர் ஆதாரம், செலவு, கடனும் வட்டியும், பரிந்துரை. அடுக்கிய பக்கங்களில் நான்கு பகுதிகளே இருக்கின்றன; 15ஆம் ஸ்லைடில் செலவு முடிந்து 19இல் நேராகப் பரிந்துரை தொடங்குகிறது. அதாவது கடன் பற்றிய பகுதி முழுவதும் போயிருக்கிறது. 20ஆம் ஸ்லைடில் ‘மேற்சொன்ன நிபந்தனைகளின்படி’ என்று ஒரு வரி இருக்கிறது. மேலே தேடினால் எந்த நிபந்தனையும் இல்லை. எண்ணும் உள்ளடக்கமும் வாசகமும் ஒரே ஓட்டையைக் காட்டுகின்றன.

எண்ணை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்பதற்காகத்தான் இந்த மூன்றையும் சொல்கிறேன். கடைசி ஸ்லைடுகள் விடுபட்டிருந்தால் எண்ணில் இடைவெளியே தெரியாது. உள்ளடக்கத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இரண்டு பிரசன்டேஷன்களை ஒட்டிச் செய்தவற்றில் எண்கள் இரண்டு முறை 1இலிருந்து தொடங்கலாம். எண்ணே அச்சாகாத கோப்புகளும் நிறைய. அங்கே ‘தொடர்ச்சி’ என்று முடியும் தலைப்புகள், பகுதிக்குப் பகுதி திரும்ப வரும் உள்ளடக்கப் பக்கம், ஒரு ஸ்லைடில் முதன்முதலாக விளக்கப்பட்டு அடுத்ததில் விளக்கமின்றிப் பயன்படும் சுருக்கெழுத்து ஆகியவை முன்பின்னைச் சொல்லும். அப்படி ஊகித்து வைத்த இடத்தைப் பென்சிலால் குறித்துவைப்பது நல்லது. எண் சொன்னதும் நாம் ஊகித்ததும் ஒன்றல்ல.

அந்த மூன்று ஸ்லைடுகள் எப்படிப் போயின? பவர்பாயிண்டில் ஒரு ஸ்லைடை அழிக்காமல் மறைத்து வைக்கலாம். மறைத்தாலும் அதன் எண் அதனிடமே இருக்கும். அடுத்த ஸ்லைடு அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாது. பி.டி.எஃப். ஆக்கும்போது `Include hidden slides` என்பதைத் தேர்வு செய்யாவிட்டால் அவை வெளியே வருவதில்லை. ஒரு கூட்டத்துக்காகக் கடன் விவரத்தை மறைத்தவர் பிறகு அதை மறந்திருக்கலாம். வேண்டுமென்றேயும் மறைத்திருக்கலாம். ஆகவே அனுப்பியவரிடம் ‘16 முதல் 18 வரை இல்லை, மூலக் கோப்பு கிடைக்குமா?’ என்று எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘ஏதோ விடுபட்டதுபோல் இருக்கிறது’ என்று கேட்டால் அதே பி.டி.எஃப். மறுபடி வரும்.

மூலக் கோப்பு கிடைத்தால் ஸ்லைடுகளை அடுக்கிக் காட்டும் பார்வையில் திறந்தாலே போதும். மறைத்தவற்றின் எண்ணில் ஒரு கோடு கிழிந்திருக்கும். பவர்பாயிண்ட் இல்லாதவர்கள் .pptx கோப்பை ஜிப் கோப்பாக விரித்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே slide7.xml என்று பெயர் இருப்பதால் அது ஏழாவது ஸ்லைடு ஆகிவிடாது. உண்மையான வரிசை ppt/presentation.xml கோப்பில் `sldIdLst` என்ற பட்டியலில் இருக்கிறது; அந்தப் பட்டியலின் ஒவ்வொரு அடையாளமும் எந்தக் கோப்பைச் சுட்டுகிறது என்பது ppt/_rels/presentation.xml.rels கோப்பில் இருக்கிறது. மறைத்த ஸ்லைடின் கோப்பில் `show="0"` என்றிருக்கும்.

மூலம் கிடைக்காமலே போனால்? பரிந்துரையைப் படித்து, கடன் நிபந்தனை இப்படித்தான் இருந்திருக்கும் என்று எழுதுவது பெரிய தவறு. பரிந்துரைப் பகுதியில் வட்டி வீதம் எங்காவது சொல்லப்பட்டிருந்தால், அந்த ஸ்லைடின் எண்ணோடு அதை எடுத்துக்காட்டலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. சுருக்கத்தின் தலையிலேயே, அடிக்குறிப்பில் அல்ல, இப்படி எழுதுங்கள்: ‘24 ஸ்லைடுகளில் 21 மட்டுமே கிடைத்தன. கடனும் வட்டியும் பற்றிய 16–18 பார்க்கப்படவில்லை. வரிசை ஸ்லைடு எண்ணைக் கொண்டு திருத்தப்பட்டது.’ திட்டத்துக்கு ஒப்புதல் தரப்போகிறவருக்கு, 4.1 கோடி எங்கிருந்து வரும் என்பது இன்னும் தெரியவில்லை என்ற செய்தியே அந்தச் சுருக்கத்தில் முக்கியமானது.

அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பக்கங்களைப் படங்களாக அனுப்பியே ஆக வேண்டுமென்றால் page-001, page-002 என்று மூன்று இலக்கத்தில் பெயரிடுங்கள், எந்தச் செயலியில் அடுக்கினாலும் வரிசை மாறாது. ஸ்லைடுகளை மறைத்து அனுப்பினால் எவற்றை மறைத்தீர்கள் என்று கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்.