நண்பன் வீட்டு நாயும் நகையின் எல்லையும்

நண்பனின் வளர்ப்புப் பிராணியைப் பழித்துப் பேசிச் சிரிப்பது வசையின் தனியொரு வகையாகும். நண்பனை நேரே பழித்தால் உறவு முறியலாம். அவன் பெற்றோரையோ பிள்ளைகளையோ பழித்தால் முறிவது பெரும்பாலும் உறுதி. ஆனால் அவன் வீட்டு நாயைப் பழித்தால் அவனே சேர்ந்து சிரிக்கிறான். அதே நாயைப் பற்றிச் சொல்லப்படும் வேறொரு வார்த்தை அவன் முகத்தைக் கறுக்கச் செய்வதும் உண்டு. இவ்விரு வார்த்தைகளுக்கும் இடையே உள்ள கோடு எங்கே விழுகிறது, அதனை வரைவது எது என்பதே நாம் இங்கு விளக்க முற்படும் பொருள்.

இதற்குத் தமிழில் நல்லதொரு முன்னுதாரணம் உண்டு. வசை பாடுவதில் வல்லவரெனப் பெயர்பெற்ற காளமேகப் புலவரின் தனிப்பாடல்களுள் ஒன்று விகடராமன் என்பவரின் குதிரையைப் பற்றியது. அக்குதிரையைச் செலுத்த முன்னே மூவர் கடிவாளத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். பின்னே இருவர் தள்ளவேண்டும். அவ்வளவும் செய்தால் அது மாதம் ஒன்றில் ஒரு காதவழி போகும். காதத்தின் அளவு இடத்துக்கிடம் வேறுபட்டது. பத்து மைல் எனக் கொண்டால், ஐந்து பேர் பாடுபட்டும் குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நகர்கிறது என்றாகும்.

இந்த வெண்பாவில் பழிக்கப்படுவது எது, பழிக்கப்படாதது எது என்று பிரித்துப் பார்ப்பது பயனுடையது. குதிரையின் நடை பழிக்கப்படுகிறது. அதன் பிறப்போ நிறமோ பேசப்படவில்லை. உடையவரைப் பற்றிப் புலவர் சொல்வதெல்லாம் அவர் வாய் எந்நேரமும் வேதம் ஓதுவது என்பதே. அடைமொழி உயர்வாக இருக்கையில் குதிரையின் நிலை தாழ்ந்து நிற்பதால் நகை பிறக்கிறது. விகடராமன் விரும்பினால் குதிரையைத் தன்னிலிருந்து பிரித்து வைத்து, பார்ப்போருடன் சேர்ந்து தாமும் சிரித்துவிடலாம். அதற்கான வாயிலைப் பாட்டே திறந்து வைத்திருக்கிறது. அன்றியும் ஐவர் இழுத்துத் தள்ளும் குதிரை உலகில் எங்கும் இல்லை. கூற்று உண்மையாக இருக்கமுடியாது என்பது வெளிப்படையாதலின் அது குற்றச்சாட்டு ஆகாது. குதிரை மெதுவாக நடக்கிறது, வாங்கியவர் ஏமாந்துவிட்டார் என்று அளவாகச் சொல்லியிருந்தால் அதுவே புண்படுத்தியிருக்கும். மிகையே இங்குப் பாதுகாப்பு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. நான்கினுள் எள்ளல் மட்டுமே பிறரை வேண்டுமென்றே தாக்குவது. ஏனைய மூன்றும் அறியாமையும் முதிராமையும் சார்ந்தவை. அவற்றில் பகை இல்லை. கெட்ட பழக்கமுள்ள வளர்ப்புப் பிராணி இந்நான்கையும் ஒரே இடத்திற் கூட்டுகிறது. எள்ளுவோன் மனிதன், எள்ளப்படும் பிராணியிடம் இருப்பதோ இளமையும் பேதைமையும் மடமும். வசையைக் கேட்டு மானம் இழக்கும் அறிவு அதற்கு இல்லை. எனவே எள்ளலின் கூர்மை எவரையும் குத்தாமலே செலவாகிவிடுகிறது. பிறரை எள்ளுவதால் வரும் நகையையும், பிறரால் எள்ளப்பட்டுத் தானே நகுவதையும் உரையாசிரியர் பேராசிரியர் பிரித்துக் காட்டியிருப்பதும் மனங்கொள்ளத்தக்கது. இரண்டாவது வகை இல்லாத இடத்தில் கேலி நிலைக்காது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கேலி, கேட்போர் எவர் என்பதைப் பொறுத்தே கேலியாகிறது. மானிடவியலாளர் றாட்கிளிஃப் பிறவுண் 1940இல் எழுதிய கட்டுரையொன்றில் கேலி உறவு என்ற கருத்தை விளக்கினார். ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கம் அனுமதிக்கிறது. மற்றவர் அதனைக் குற்றமாகக் கொள்ளாதிருக்க அதே வழக்கம் அவரைக் கடமைப்படுத்துகிறது. தமிழரிடையே இவ்வுறவின் உறைவிடம் மச்சான் முறையாகும். தந்தையிடமும் தமையனிடமும் கூடாத சொல் மச்சானிடம் செல்லும். கொழும்பில் இச்சொல் உறவுமுறை எல்லையைக் கடந்துவிட்டது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தத்தம் நண்பரை மச்சான் என்றே விளிக்கின்றனர். இரத்த உறவோ மண உறவோ இல்லாதவர்கள், கேலிக்கு வேண்டிய உரிமையை அவ்வுறவுப் பெயரின் வழியே தமக்குள் வழங்கிக்கொள்கின்றனர் எனலாம்.

ஹெவ்லொக் டவுனின் மத்தியதர வர்க்க வீடொன்றை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆள்பதியாக இருந்த ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில் மதிலும் படலையும் உள்ள வீடுகளில் நாய் வளர்ப்பது வழக்கம். ஆங்கிலப் பெயரிட்டு, ஆங்கிலத்திலேயே கட்டளையிடுவதும் வழக்கம். நமது உதாரணத்தில் நாயின் பெயர் டைகர். வெள்ளவத்தையிலிருந்து வரும் நண்பரின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. தேநீர் மேசையிலிருந்து கட்லற் ஒன்றைத் தின்றுவிடுகிறது. நண்பர் சொல்கிறார்: “மச்சான், உன்ர வீட்டுக்குக் கள்ளன் வந்தால் இவர்தான் சாமான் தூக்கிக்குடுப்பார்.” வீட்டுக்காரர் பதில் சொல்கிறார்: “தூக்கிக்குடுத்தாலும் பறவாயில்லை, கூலிக்குக் கட்லற்றும் கேட்பார்.”

இப்பதிலே இவ்வுரையாடலின் உரைகல். வீட்டுக்காரர் நாயைக் காக்க முற்படவில்லை. நண்பர் தொடங்கிய வசையைத் தாமே ஒருபடி மேலே கொண்டு செல்கிறார். பேராசிரியர் சுட்டிய இரண்டாவது நகை இதுவே. இதற்கு மாறாக அவர் நாயின் செயலுக்குக் காரணம் கூறத் தொடங்கினால், அல்லது அதன் நற்குணங்களை அடுக்கத் தொடங்கினால், கேலி வழக்காக மாறிவிட்டது என்று கொள்ளவேண்டும். அவர் சிரித்துவிட்டு உடனே வேறு பொருளுக்குத் தாவினாலும் அதே பொருள்தான். நண்பர் “இவர்” என்று மரியாதைப் பன்மையில் நாயைச் சுட்டியதும் கவனிக்கத்தக்கது. “இது” என்றிருந்தால் கூற்றில் வெறுப்பின் சாயல் ஏறியிருக்கும்.

நாயின் செயலைப் பழிக்கும் வரை இத்தளம் உறுதியானது. அதன் பிறப்பைப் பழிக்கத் தொடங்கியதும் தளம் சரிகிறது. ஏனெனில் நாயின் பிறப்பைப் பேச நம்மிடம் நாய்க்கேயுரிய சொற்கள் மிகக் குறைவு; இருப்பவை மனிதரைத் தரம்பிரிக்க நிலவுடைமைச் சமுதாயம் ஆக்கிய சொற்கள். விலைகொடுத்து வாங்கிய இனநாயைச் ‘சாதி நாய்’ என்கிறோம். தெருநாய்க்கு ஒடுக்கப்பட்ட சாதியொன்றின் பெயரை அடையாக்கும் வழக்கு தமிழில் இருந்தது. ஆங்கிலேயர் அதே சாதிப்பெயரைத் தம் மொழியில் ஏற்று, தெருநாயைக் குறிக்க இன்றும் வைத்திருக்கின்றனர். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி மாறாது என்ற கருத்துடைய பழமொழியும் நாய்களுக்காகப் பிறந்ததன்று. கல்வியாலோ உழைப்பாலோ நடுவீட்டுக்கு வந்துவிட்ட மனிதனை மீண்டும் முற்றத்துக்கு அனுப்பவே அது பயன்பட்டு வந்துள்ளது. நண்பனின் நாயைப் பார்த்து இப்பழமொழியைச் சொல்பவன், அறிந்தோ அறியாமலோ அங்கிருக்கும் மனிதர் ஒருவரின் பிறப்பையும் தொட்டுவிடக்கூடும்.

பலமொழி பேசுவோர் மதிலுக்கு மதில் வாழும் இப்பகுதியில் இது மேலும் நுட்பமாகிறது. தமிழில் ‘நாயே’ என்பது போலச் சிங்களத்தில் ‘பல்லா’ என்பதும் மனிதரை இழிக்கும் சொல்லே. வீட்டுக்குள் நாயை நோக்கி உரத்துச் சொன்னது மதிலுக்கு அப்பால் மனிதரை நோக்கிச் சொன்னதாகக் கேட்கலாம். 1983 யூலையில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் தமிழர் வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. அதனை அறிந்தவர்களுக்குப் பிறப்பைச் சுட்டும் இழிசொல் வெறும் சொல்லாக ஒலிப்பதில்லை.

பிறப்புக்கு அடுத்த சரிவு ‘வளர்ப்பு’ என்ற சொல்லில் உள்ளது. பிள்ளைக்கும் நாய்க்கும் நாம் வழங்குவது இந்த ஒரே சொல். டைகர் கட்லற் தின்றது என்றால் அது டைகரின் செயல். வளர்ப்புச் சரியில்லை என்றால் குற்றவாளி வீட்டுக்காரர். அவருடைய பிள்ளைகளும் அவ்வாக்கியத்துள் இழுத்துவரப்படுகின்றனர். காளமேகம் குதிரையின் நடையைப் பாடினார். விகடராமனின் பராமரிப்பைப் பாடவில்லை.

இதுவரை கூறியது சமநிலையில் உள்ள இருவருக்குப் பொருந்தும். அவ்வீட்டில் மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். நாய் சிந்தியதைத் துடைப்பவரும், அதற்குச் சோறு குழைத்து வைப்பவரும், அது கிழித்த திரைச்சீலையைத் தைப்பவரும் வீட்டுப் பணிப்பெண்ணே. “இந்த வீட்டிலே டைகருக்குத்தான் நல்ல சாப்பாடு” என்று நண்பர் சொன்னால் எல்லாரும் சிரிப்பர். அதே வாக்கியத்தை அப்பெண் சொன்னால் அது முறைப்பாடாகக் கொள்ளப்படும். வேலைக்கே ஆபத்தாகவும் முடியலாம். சொல்லில் மாற்றமில்லை, சொல்பவரின் வர்க்கம் மாறியிருக்கிறது. நண்பரின் வாயில் அது நம்பமுடியாத மிகை. பணிப்பெண்ணின் வாயில் அது உண்மையாக இருக்கக்கூடும் என்பதாலேயே அங்கிருப்போரால் சிரிக்க முடிவதில்லை. கேலி உரிமை நட்பின் இயல்பு மட்டுமன்று, சமத்துவத்தின் விளைவுமாகும். பதில் கூறும் உரிமை இல்லாதவர் முன்னிலையில் நடைபெறும் கேலி, அவருடைய உழைப்பைச் சிரிப்பின் கீழே மறைத்தும் விடுகிறது.

இறுதி எல்லை உடலைச் சார்ந்தது. செருப்பும் கட்லற்றும் ஈடுசெய்யக்கூடிய இழப்புகள். நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் மிகைக்கு இடமில்லை. விசர்நாய்க்கடிக்கெனத் தனிச் சட்டம் 1893 முதல் இலங்கையில் உண்டு; நோய்க்குறி தோன்றிவிட்டால் உயிர்தப்புவது மிக அரிது. கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவித் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய வேளை அது. “எங்கட டைகர் விளையாட்டுக்குத்தான் கடிச்சது” என்று வீட்டுக்காரர் அப்போது சிரித்தால், நகைச்சுவை பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கருவியாகிவிடுகிறது. பிராணி நோயுற்றோ இறந்தோ போனபின் பழைய கேலியைத் தொடர்வதும் இவ்வாறே தகாது. இழந்தவரால் அதற்கு எதிர்க்கேலி சொல்ல முடியாது.

பிராணி பேச்சற்றது என்பதனால் மட்டும் நண்பன் வீட்டு நாய் நகைச்சுவைக்குப் பாதுகாப்பான தளமாகிவிடவில்லை. அதன் செயல் பழிக்கப்பட்டுப் பிறப்பு விடப்படுகிறது. பழி எவரும் நம்பமுடியாத அளவுக்கு மிகைப்படுகிறது. கேட்பவர் அதனை மேலும் மிகைப்படுத்தித் திருப்பித்தர உரிமையுடையவராக இருக்கிறார். இம்மூன்றும் ஒன்றுசேரும்போது வசை உறவை வளர்க்கிறது. ஒன்று குறைந்தாலும் அவ்விடத்தில் நிற்பது நாயன்று. சாதியாலோ இனத்தாலோ கூலியாலோ கீழே வைக்கப்பட்ட மனிதர் ஒருவர் நிற்கிறார்.