இரண்டு பக்கமும் எப்படி ஒரே தொகை? பேலன்ஸ் ஷீட் ஸ்லைடைப் படிக்கும் வழி

மே மாதம் வந்தால் போதும், பங்கு வாங்கி வைத்திருக்கும் வீடுகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கம்பெனிகளின் ஸ்லைடுகள் வரிசையாக வந்து விழும். வண்ண வண்ணப் படங்களுக்கு நடுவே படமே இல்லாமல் ஒரு பக்கம் இருக்கும். மேலே ‘Balance Sheet’, பக்கத்தில் மார்ச் 31 என்று தேதி, கீழே இரண்டு பத்தியாக எண்கள். பெரும்பாலானவர்கள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படும். ‘Total Assets’ என்ற வரியில் உள்ள தொகையும், ‘Total Equity and Liabilities’ என்ற வரியில் உள்ள தொகையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். லாபம் பார்த்த கம்பெனியிலும் அப்படித்தான், நஷ்டத்தில் மூழ்கும் கம்பெனியிலும் அப்படித்தான். அது எப்படி எல்லோருக்கும் சரியாக வருகிறது?

ஒரு தையல் கடையை வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஒரு பெண் தன் சேமிப்பு 1 லட்சம் ரூபாயைப் போட்டு, வங்கியில் 2 லட்சம் கடன் வாங்கிக் கடை தொடங்குகிறார். முதல் நாள் கையில் 3 லட்சம் ரொக்கம். அது யார் கொடுத்த பணம்? வங்கி 2, அவர் 1. மறுநாள் 1,60,000 ரூபாய்க்கு மெஷின்கள், 80,000 ரூபாய்க்குத் துணி வாங்குகிறார். மீதி ரொக்கம் 60,000. பணம் உருமாறிவிட்டது, ஆனால் கூட்டினால் அதே 3 லட்சம்தான். கொடுத்தவர்களும் மாறவில்லை.

ரகசியம் இவ்வளவுதான். பேலன்ஸ் ஷீட்டில் இருப்பது இரண்டு வெவ்வேறு பணம் அல்ல. ஒரே பணத்தை இரண்டு கேள்வி கேட்டு எழுதிய கணக்கு. இப்போது அது என்ன உருவத்தில் இருக்கிறது என்பதற்குப் பதில் சொத்துப் பக்கம். அதன் மீது யாருக்கு உரிமை என்பதற்குப் பதில் மறுபக்கம். கடன் கொடுத்தவர்களுக்கு இவ்வளவு, மீதியெல்லாம் உரிமையாளருக்கு. அந்த ‘மீதி’யைத்தான் ஈக்விட்டி என்கிறார்கள். மீதி என்றே அதற்கு இலக்கணம் வகுத்துவிட்ட பிறகு, கூட்டினால் சரியாக வராமல் எங்கே போகும்?

தீபாவளி நெருங்குகிறது. ஈரோட்டு மொத்த வியாபாரி 40,000 ரூபாய்த் துணியைக் கடனாகத் தருகிறார். கடையின் சொத்து 3,40,000 ஆகிவிட்டது. கடை பெரிதாகிவிட்டதாகத் தெரியும், ஆனால் கடனும் 2,40,000 ஆகிவிட்டதே! உரிமையாளரின் பங்கு அதே 1 லட்சம். ‘கம்பெனியின் சொத்து இத்தனை கோடி’ என்ற பெருமையை மட்டும் கேட்டு மயங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

பிறகு 50,000 ரூபாய்த் துணியைத் தைத்து 80,000 ரூபாய்க்கு விற்கிறார். 70,000 ரொக்கமாக வருகிறது. 10,000 ரூபாய் தெருக்காரர்களிடம் பாக்கி. துணி 50,000 குறைந்தது, ரொக்கமும் பாக்கியுமாக 80,000 கூடியது. சொத்து இப்போது 3,70,000. கடன் கொடுத்த யாருக்கும் இந்த 30,000-ல் பங்கில்லை, ஆகவே அது அவருடைய கணக்கில் ஏறுகிறது. அவர் பங்கு 1,30,000. லாபம் என்பது தனியாக ஒரு பெட்டியில் இருக்கும் பணம் அல்ல என்பதும் இங்கே தெரிந்துவிடுகிறது. ஸ்லைடில் ‘Other Equity’ என்று ஆயிரக்கணக்கான கோடி இருந்தால், அத்தனையும் வங்கியில் தூங்குகிறது என்று பொருளில்லை. அது எப்போதோ மெஷினாகவோ, சரக்காகவோ, வர வேண்டிய பாக்கியாகவோ மாறியிருக்கலாம்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி 45,000 ரூபாய்த் துணி நாசம். சொத்து 3,25,000 ஆகச் சுருங்குகிறது. வங்கி தன் கடனில் ஒரு ரூபாய் குறைக்குமா? ஈரோட்டுக்காரர்தான் விட்டுக்கொடுப்பாரா? கடன் அதே 2,40,000. முழு அடியும் அந்தப் பெண்ணின் பங்கில் விழுந்து அது 85,000 ஆகிறது. சேதம் 1,30,000-ஐத் தாண்டியிருந்தால் அவர் பங்கு மைனஸுக்குப் போயிருக்கும். அப்போதும் இரண்டு பக்கமும் சமமாகவே இருக்கும்! கடையை விற்றாலும் கடன் அடையாது என்பதை அந்த மைனஸ் சொல்லும்.

ஆகவே ஸ்லைடில் இரண்டு மொத்தங்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியது, மொத்தம் கூடியபோது மறுபக்கத்தில் எது கூடியது என்பதைத்தான். சென்ற ஆண்டின் பத்தியும் பக்கத்திலேயே இருக்கும். சொத்து 500 கோடி கூடி, ‘Borrowings’ 450 கோடி கூடியிருந்தால் அது தீபாவளிக்குக் கடனாக வாங்கிய துணி மாதிரி. ஈக்விட்டி கூடியிருந்தால், அது லாபத்தால் வந்ததா, புதிய பங்குகளை விற்று வந்ததா என்பது அடுத்த கேள்வி.

இரண்டு பக்கமும் பொருந்துவது உண்மைக்குச் சாட்சி ஆகாது என்பதை ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் காட்டியது. 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. 2008 செப்டம்பர் 30-ம் தேதிய பேலன்ஸ் ஷீட்டில் ரொக்கம், வங்கி இருப்பு என்று காட்டியிருந்த 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த பேலன்ஸ் ஷீட் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தியிருந்தது.

அந்தக் கடிதத்தில் ஒரு காலாண்டின் கணக்கும் இருந்தது. உண்மையான வருமானம் 2,112 கோடி, காட்டியது 2,700 கோடி. உண்மையான லாபம் 61 கோடி, காட்டியது 649 கோடி. இரண்டிலும் வித்தியாசம் 588 கோடி. அந்தக் காலாண்டில் போலி ரொக்கம் எவ்வளவு கூடியது? அதுவும் 588 கோடிதான்! தற்செயல் அல்ல. பொய்யான லாபத்தை எழுதியதும் ஈக்விட்டி பொய்யாக ஏறும். அதைச் சமன்செய்ய சொத்துப் பக்கத்திலும் அதே அளவு பொய் எங்காவது உட்கார வேண்டும். தையல் கடையில் இல்லாத லாபத்தை எழுதினால் இல்லாத துணியையோ, இல்லாத பாக்கியையோ எழுதியே தீர வேண்டும் அல்லவா, அது மாதிரி.

ஆகவே சந்தேகம் வந்தால் தேட வேண்டியது சொத்துப் பக்கத்தில். விற்பனை பத்து சதவீதம் கூடி, ‘Trade Receivables’ எனும் வர வேண்டிய பாக்கி ஐம்பது சதவீதம் கூடியிருந்தால், விற்றது யாருக்கு என்ற கேள்வி எழும். ஆண்டு முழுக்க 1,000 கோடி வங்கி வைப்பில் இருந்ததாகச் சொன்னால், 6 சதவீதம் என்று வைத்தாலும் 60 கோடி வட்டி வந்திருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில்தான் பணம் வந்தது என்றால் வட்டி குறையும், அது நியாயமான பதில்.

வட்டியையும் கணக்கில் எழுதிவிட்டால்? சத்யத்தில் அதையும் எழுதியிருந்தார்கள், இன்னும் கைக்கு வராத வட்டி என்று 376 கோடி. அதனால் வட்டி எழுதப்பட்டதா என்பதோடு நிறுத்தாமல், பணமாக வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அது பேலன்ஸ் ஷீட் ஸ்லைடில் இருக்காது. ஆண்டறிக்கையில் ‘Cash Flow Statement’ என்ற பக்கத்தில் ‘Interest received’ என்று ஒரு வரி இருக்கும்.