கெஸ்ட் வைஃபை எந்த வழியாகப் போகிறது?

ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாடிக்கையாளர்களின் கணக்குகள் மொத்தமும் கிடக்கும் ஒரு சேமிப்புப் பெட்டி. ஜூலை நெருங்கினால் வாசலில் கூட்டம். வருகிறவர்கள் வைஃபை கேட்கிறார்கள். ஆபீஸ் பாஸ்வேர்டைக் கொடுக்க மனமில்லாமல் இன்னொரு ரவுட்டர் வாங்கி, ஆபீஸ் ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிளை இழுத்து அதன் இன்டர்நெட் போர்ட்டில் செருகிவிடுகிறார்கள். "கெஸ்ட்" என்று தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. விருந்தினர் போன்களுக்கு 192.168.50 என்று தொடங்கும் முகவரி கிடைக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களோ 192.168.1 வரிசையில் இருக்கின்றன. முகவரியே வேறு, ஆகவே இரண்டும் தனித்தனி என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். விருந்தினர் போனிலிருந்து கிளம்பும் எதுவும் கெஸ்ட் ரவுட்டரைத் தாண்டி, ஆபீஸ் ஸ்விட்சுக்குள் நுழைந்து, ஆபீஸின் பெரிய ரவுட்டர் வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் போகிற அதே பாதை.

ரவுட்டர் ஒரு வாட்ச்மேன் மாதிரி. தெருவிலிருந்து உள்ளே வருகிறவரைத் தடுப்பார். உள்ளேயிருந்து வெளியே போகிறவரை எதுவும் கேட்க மாட்டார். கெஸ்ட் ரவுட்டருக்கு "தெரு" எது? அந்த அலுவலகம்தான். அதனால் நாம் நினைத்ததற்கு நேர்மாறாக நடக்கிறது: ஆபீஸ் கம்ப்யூட்டரால் விருந்தினர் போனைத் தொட முடியாது, விருந்தினரோ ஆபீஸுக்குள் தாராளமாகப் போகலாம்.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வெளியே அனுப்பும்போது கெஸ்ட் ரவுட்டர், போனின் முகவரியை மறைத்துத் தன் முகவரியைப் போட்டு அனுப்பும். அந்த ரவுட்டருக்கு ஆபீஸ் ரவுட்டரிலிருந்து கிடைத்த முகவரி 192.168.1.37 என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புப் பெட்டியின் கண்ணுக்கு, வந்திருப்பது ஆபீஸ் ஆள். விண்டோஸின் ஃபைல் ஷேரிங்கூட, வழக்கமான அமைப்பில், தன் சொந்த வட்டத்து முகவரிகளை நம்பித்தான் கதவைத் திறக்கும். ஃபோல்டருக்கு நல்ல பாஸ்வேர்டு இருந்தால் அது காப்பாற்றும். "எல்லாருக்கும் திற" என்று விட்டுவைத்த ஃபோல்டரை எதுவும் காப்பாற்றாது. பிரிண்டர் அதைவிட மோசம். பல பிரிண்டர்களின் செட்டிங் பக்கம் பாஸ்வேர்டு கேட்காமலே திறந்துவிடும். ஏதாவது நடந்து பதிவுகளைப் புரட்டினாலும் எல்லா விருந்தினரும் 192.168.1.37 என்ற ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள்.

சோதித்துப் பார்க்க நிபுணர் தேவையில்லை. பிரிண்டரின் முகவரியை அதன் நெட்வொர்க் மெனுவில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, கெஸ்ட் வைஃபையில் சேர்ந்து, அந்த முகவரியை பிரவுசரில் தட்டுங்கள். பிரிண்டரின் பக்கம் வந்தால் பிரிவினை இல்லை என்று அர்த்தம். பாதையையே பார்க்க வேண்டுமானால், கெஸ்ட் வைஃபையில் இருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் இதைத் தட்டலாம்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில் கெஸ்ட் ரவுட்டரின் 192.168.50.1 வரும். இரண்டாவது வரியில் ஆபீஸ் ரவுட்டரின் 192.168.1.1 வந்தால், விருந்தினர் ஆபீஸ் வழியாகத்தான் போகிறார்கள்.

இந்த இடத்தில் பலர் "ஏபி ஐசொலேஷன்" என்ற பெட்டியை டிக் செய்துவிட்டு நிம்மதியாகிறார்கள். அது ஒரு விருந்தினரின் போன் இன்னொரு விருந்தினரின் போனைப் பார்க்காமல் தடுப்பதற்கு. ஆபீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சின்ன அலுவலகத்துக்கு எளிய வழி, புது ரவுட்டரைக் கழற்றிவிட்டு, பெரிய ரவுட்டரிலேயே இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க் வசதியைப் போடுவது. உள் நெட்வொர்க்கைத் தொட அனுமதிக்கும் தேர்வு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். கட்டடம் பெரிது, பல இடங்களில் வைஃபை வேண்டும் என்றால், ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் வீலேன் முறைக்குப் போக வேண்டும். ஆனால் வீலேன் பிரித்தால் மட்டும் போதாது. இரண்டு வீலேனும் ரவுட்டரில் போய்ச் சேர்கின்றன. தடை எதுவும் எழுதாவிட்டால் பல ரவுட்டர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாங்களாகவே வழிவிடும். எனவே "கெஸ்டிலிருந்து ஆபீஸ் முகவரிகளுக்குப் போகாதே" என்ற விதியை ஃபயர்வாலில் எழுத வேண்டும். அதுவும் "கெஸ்ட் எங்கும் போகலாம்" என்ற விதிக்கு மேலே. பெரும்பாலான ஃபயர்வால்கள் விதிகளை மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். கீழே எழுதிய தடை இருந்தும் இல்லாததுதான்.

வேலை முடிந்தது என்று டெக்னீஷியன் சொன்னதும், கெஸ்ட் வைஃபையில் சேர்ந்து பிரிண்டரின் முகவரியை உங்கள் முன்னாலேயே தட்டச் சொல்லுங்கள். பக்கம் திறக்காவிட்டால் பணத்தைக் கொடுங்கள்.