படத்தில் பதிந்த எழுத்தை என்ன செய்வது?

‘பதேர் பாஞ்சாலி’யில் ஹரிஹர் நெடுநாள் கழித்து வீடு திரும்பும் காட்சியை மறக்க முடியாது. மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி சர்வஜயாவிடம் காட்டுகிறார். கடைசியில் துர்காவுக்கென்று வாங்கிய புடவை வெளியே வருகிறது. சர்வஜயா உடைகிறாள். அவள் அழுகை நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் ஒலிக்கிறது.

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் பள்ளி மாணவர்களுக்கு இந்த ஒரு காட்சியை மட்டும் தமிழ் சப்டைட்டிலோடு காட்ட விரும்பினோம். 1955இல் வெளியான படம். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் காப்புரிமை என்பதால், அந்தத் தயக்கம் இல்லை. இணையத்திலிருந்து இறக்கிய துண்டில் வேறொரு தொல்லை இருந்தது. ஆங்கில சப்டைட்டில் படத்தோடு படமாகப் பதிந்திருந்தது.

முதலில் அது உண்மையாகவே பதிந்ததுதானா என்று பார்த்துவிட வேண்டும். வி.எல்.சி. பிளேயரில் ஓடவிட்டு V விசையைத் தட்டுங்கள். சப்டைட்டில் தனித் தடமாக இருந்தால் மாறும் அல்லது மறையும்; வேலை அங்கேயே முடிந்தது. எத்தனை முறை தட்டினாலும் எழுத்து அசையாமல் இருந்தால் அது பிக்சலாகவே ஆகிவிட்டது. அந்த எழுத்துக்கு அடியில் இருந்த படம் அந்தக் கோப்பில் இல்லை. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது. இனி செய்வதெல்லாம், போன இடத்தில் எதை வைப்பது என்ற முடிவுதான்.

எங்கள் துண்டு 1440 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம். பழைய படங்களுக்கே உரிய, ஏறக்குறைய நாலுக்கு மூன்று வடிவம். எழுத்து இரண்டு வரியாக வரும்போது மேலிருந்து 930ஆவது பிக்சலில் தொடங்கி 1040 வரை நின்றது. வெள்ளை எழுத்து, மெல்லிய கறுப்பு ஓரம்.

கீழ்ப்பகுதியை வெட்டிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கிராப் செய்தால் சுவடே இருக்காது என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 920ஆவது பிக்சலோடு வெட்டினால் உயரத்தில் 160 பிக்சல் போகிறது. அதோடு நிற்காது. வடிவம் கெடாமல் திரையை நிறைக்க வேண்டுமானால் அகலத்தையும் ஏறக்குறைய 1226ஆகக் குறைக்க வேண்டும். மொத்தப் பரப்பில் சுமார் 27 சதவீதம் போய்விடுகிறது. மிச்சத்தைப் பழைய அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கும்போது படத்தின் கூர்மையும் மங்குகிறது. இந்தக் காட்சியில் கதை நடப்பதே கைகளில்தான். பொருளை எடுத்து நீட்டும் கை, அதை வாங்கும் கை எல்லாம் சட்டகத்தின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. வெட்டிப் பார்த்தபோது ஹரிஹர் எதையோ காட்டுகிறார் என்று தெரிந்தது; எதைக் காட்டுகிறார் என்பது போய்விட்டது. கிராப்பை அன்றே கைவிட்டோம்.

அகலத்திரைப் படமாக இருந்தால் கதை வேறு. 1920க்கு 1080 கோப்பில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். எழுத்து முழுவதும் அந்தப் பட்டைக்குள்ளேயே விழுந்திருந்தால், அதன்மேல் கறுப்புப் பெட்டி வரைந்துவிட்டால் போதும், படத்தில் ஒரு பிக்சல்கூடப் போகாது. இரண்டு வரியில் மேல்வரி மட்டும் படத்துக்குள் ஏறியிருந்தால், அந்த ஒரு வரிக்கு மட்டும் பாடுபட்டால் போதும்.

அடுத்து ப்ளர் செய்து பார்த்தோம். முதல் திரையிடலுக்கு முன் வெள்ளோட்டம் விட்டபோது சங்கத்தில் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேட்டார்: “தம்பி, பேசும்போதெல்லாம் கீழே ஏன் புகை கிளம்புது?”

அவர் சொன்னது மிகச் சரி. ப்ளர் எழுத்தை அழிப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சராசரி எடுக்கிறது, அவ்வளவுதான். வெள்ளை அங்கேயேதான் இருக்கிறது, பரவிக்கிடக்கிறது. ஒளி அளவை 0 முதல் 255 வரை எண்ணுகிறோம் என்று வையுங்கள். பின்னணி இருண்ட தரை, அளவு 40. எழுத்து 235. அந்தப் பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கை எழுத்து நிரப்பியிருந்தால், ப்ளருக்குப் பின் அந்த இடம் முழுவதும் 79 ஆகிவிடும். ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம். எழுத்தின் கறுப்பு ஓரம் இதைக் கொஞ்சம் தணிக்கும், போக்கிவிடாது. வசனம் வரும்போது அந்த இடம் வெளுக்கிறது, முடியும்போது இருள்கிறது. அதுதான் அவர் கண்டது. ப்ளரின் அளவைக் குறைத்தாலோ, எழுத்தின் கோடுகள் தெரியும். கண் அதைப் படித்துவிடப் போராடும். ஒரு முகத்தையோ வண்டி எண்ணையோ மறைக்க ப்ளர் சரி. எழுத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, ஒட்டுப்போடுதல். `ffmpeg` என்ற இலவச மென்பொருளில் `delogo` என்று ஒரு வடிகட்டி உண்டு. தொலைக்காட்சிச் சின்னங்களை மறைக்கச் செய்யப்பட்டது. நாம் குறித்துக்கொடுக்கும் செவ்வகத்துக்குள் இருப்பதை அது முற்றாகத் தள்ளிவிட்டு, செவ்வகத்தின் நான்கு ஓரங்களில் உள்ள நிறங்களை உள்நோக்கி இழுத்து நிரப்புகிறது. எழுத்தின் வெள்ளை இதில் கலப்பதில்லை. ப்ளருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள், நானும் இடறினேன். செவ்வகத்தை எழுத்தை ஒட்டி இறுக்கமாக வரைந்துவிட்டேன். எழுத்தின் இடத்தில் நீளநீளமாக வெள்ளைக் கீற்றுகள் வந்தன. காரணம் எளிது. இணையத்துக்காகச் சுருக்கப்பட்ட வீடியோவில், கூர்மையான எழுத்தைச் சுற்றிச் சில பிக்சல் தூரத்துக்கு மெல்லிய அழுக்குச் சிதறல் இருக்கும். வீடியோவை நிறுத்தி நாலு மடங்கு பெரிதாக்கினால் எறும்பு மொய்த்ததுபோலத் தெரியும். செவ்வகத்தின் ஓரம் அந்தச் சிதறலைத் தொட்டுவிட்டால், அதையே நிறமாக எடுத்து உள்ளே இழுத்துவிடுகிறது. எழுத்திலிருந்து எல்லாப் பக்கமும் 10 பிக்சல் தள்ளிச் செவ்வகத்தை வரைந்ததும் கீற்றுகள் போயின.

கீற்று போனாலும் ஒட்டு தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஃபிலிமின் துகள் எப்போதும் சலசலத்துக்கொண்டே இருக்கும். ஒட்டிய இடத்தில் அது இல்லை. கண்ணாடியைத் துடைத்த இடம்போல வழவழவென்று இருக்கும். வெற்றுச் சுவர் பின்னால் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கை அந்தச் செவ்வகத்துக்குள் நுழையும்போது விரல்கள் கரைந்து இழுபடும்.

கேமரா அசையாத ஷாட்டுக்கு மட்டும் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டு வசனங்களுக்கு நடுவே எழுத்து இல்லாத கணம் வருமல்லவா? அந்த ஃப்ரேமிலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, எழுத்து வரும் நேரத்தில் மேலே வைத்துவிடலாம். அது படத்தின் சொந்தப் பிக்சல். ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த இடத்தில் எதுவும் அசையக் கூடாது. எங்கள் காட்சியில் இது இரண்டே இடத்தில் பயன்பட்டது.

மற்ற இடங்களுக்கு என்ன செய்வது என்று திகைத்து நின்றபோதுதான் கேள்வியையே மாற்றிக்கொண்டோம். அந்த இடத்தின்மேல் எப்படியும் தமிழ் சப்டைட்டில் வரப்போகிறது. பார்ப்பவரின் கண் அந்த நேரத்தில் தமிழைத்தான் படிக்கும். அப்படியானால் ஒட்டு கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தமிழ் எழுத்துக்கு நல்ல தரையாக இருந்தால் போதும். ஆகவே `delogo`வால் வெள்ளையை நீக்கிவிட்டு, அதன்மேல் 60 சதவீதக் கறுப்பில் ஒரு பெட்டி வைத்தோம். பெட்டி மட்டும் போதாதா என்று தோன்றும். போதாது, அரைக் கறுப்புக்கு அடியிலிருந்து ஆங்கில எழுத்து எட்டிப்பார்த்துத் தமிழைப் படிக்க விடாது. முழுக் கறுப்பாக வைத்தால் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். இரண்டும் சேர்ந்தபோது, பின்னால் நகரும் கையின் நிழல் மங்கலாகத் தெரிந்தது, எழுத்தும் தெளிவாக நின்றது. ஒரு வசனத்துக்கான கட்டளை இது:

```
ffmpeg -i clip.mp4 -vf "
delogo=x=250:y=920:w=940:h=130:enable='between(t,12.4,15.1)',
drawbox=x=250:y=920:w=940:h=130:color=black@0.6:t=fill:enable='between(t,12.4,15.1)'
" -c:v libx264 -crf 18 -c:a copy out.mp4
```

`between` என்பதில் உள்ள இரண்டு எண்கள் வசனம் தொடங்கி முடியும் நொடிகள். அடுத்தடுத்த வசனங்களை `between(t,12.4,15.1)+between(t,17.0,19.2)` என்று கூட்டல் குறியால் சேர்த்துக்கொண்டே போகலாம். நேரத்தை வி.எல்.சி.யில் E விசையைத் தட்டி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திக் குறித்தோம். நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரே ஒரு ஃப்ரேம் தவறினாலும் ஆங்கில எழுத்து மின்னலடித்து மறையும். அதனால் முன்னும் பின்னும் இரண்டு ஃப்ரேம் கூடுதலாக விட்டோம். இந்தப் பெட்டி படத்தின் பரப்பில் 8 சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் பேசும் நேரத்தில் மட்டும். கிராப்பின் 27 சதவீதத்தோடு ஒப்பிட்டால் எது மலிவு என்று தெரியும்.

இன்னொரு செலவும் உண்டு. ஒட்டோ பெட்டியோ எது செய்தாலும் வீடியோ முழுவதையும் மறுபடி என்கோட் செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் தேயும். கட்டளையில் உள்ள `crf` எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். சொல்லாவிட்டால் 23 என்று எடுத்துக்கொள்ளும். ஃபிலிம் துகள் நிறைந்த படத்துக்கு 18 வைப்பது நல்லது. இன்றைக்கு ஒட்டு, நாளைக்குப் பெட்டி என்று தவணையில் செய்தால் நகலின் நகலாகித் தேய்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில், இறக்கிய மூலக் கோப்பிலிருந்தே செய்யுங்கள். ஒலியை `copy` என்று விட்டதால் அது அப்படியே இருக்கும்.

தமிழை நாங்கள் படத்தில் பதிக்கவில்லை. தனி `.srt` கோப்பாக வைத்து மடிக்கணினியிலிருந்து ஓட்டினோம். பென் டிரைவில் போட்டு டி.வி.யில் நேரே ஓட்டினால் சில டி.வி.களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறுகிறது. முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

சப்டைட்டில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மொழிபெயர்ப்பைப் படத்தின்மேல் பதித்து வெளியிடாதீர்கள். தனிக் கோப்பாகவும் கொடுங்கள். நாலு நிமிடக் காட்சி ஒன்றைச் சரிசெய்ய எங்களுக்கு மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின.